பட்ஜெட் நாளில் 'உங்களுக்கு என்ன?' என்று சுருக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

பிப்ரவரி 1 நெருங்குகிறது. 'பட்ஜெட்டில் உங்களுக்கு என்ன? ஒரே நிமிடத்தில்' என்ற விளம்பரத்தை மறுபடியும் ஓடவிட ஆரம்பித்துவிட்டீர்கள். போன தடவை அந்த ஒரு நிமிடம் என்னவெல்லாம் செய்தது என்பதை வருடம் முழுக்க என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடம் பார்த்தேன். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு தாலுகா ஊரில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதும், வருமான வரியும் ஜிஎஸ்டியும் தாக்கல் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. இந்தத் தடவையும் அதே மாதிரி சுருக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் உரையை முடித்து உட்காரும் முன்பே உங்கள் திரைகளில் 'ரூ.12 லட்சம் வரை வரி இல்லை' என்று ஓடியது. அது பொய்யில்லை. ஆனால் எந்த வருடத்து வருமானத்துக்கு என்பது அதில் இல்லை. 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு சம்பாதிக்கிற பணத்துக்குத்தான் அந்தச் சலுகை. அதற்கான கணக்கைத் தாக்கல் செய்வதே 2026-ல்தான். அந்த பிப்ரவரியில் ஜனங்கள் கையில் இருந்ததோ 2024-25-ன் வருமானம். அதற்குப் பழைய விகிதம்தான். புதிய வரி முறையில் வரி இல்லாத எல்லை 7 லட்சம்தான், சம்பளக்காரர் என்றால் நிலைக்கழிவு 75,000-த்தையும் சேர்த்து 7.75 லட்சம்.

எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். வருட விற்பனை 1 கோடியே 20 லட்சம். பாதி யுபிஐயில் வருகிறது, பாதி ரொக்கம். இவரைப் போன்றவர்கள் முழுக் கணக்கு வைக்காமல், விற்பனையில் ஒரு விகிதத்தை லாபம் என்று காட்டி வரி கட்டலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். அப்படிப் பார்த்தால் 60 லட்சத்துக்கு 3.60 லட்சம், இன்னொரு 60 லட்சத்துக்கு 4.80 லட்சம், மொத்தம் 8.40 லட்சம் லாபம். 2024-25 விகிதப்படி அதற்கு வரி 34,000, செஸ் 1,360, ஆக 35,360 ரூபாய். இந்த முறையில் வரி கட்டுகிறவர்கள் மொத்த முன்வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிட வேண்டும்.

மார்ச் முதல் வாரத்தில் நான் போன் செய்தபோது அவர் சொன்னது: "பன்னெண்டு லட்சம் வரைக்கும் கிடையாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், நீங்க எதுக்கு கட்டச் சொல்லுதிய?" நான் விளக்கினேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்த செய்திக்கு எதிரே என் பேச்சு எடுபடவில்லை. செப்டம்பரில் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியோடு வட்டியும் சேர்த்துக் கட்டினார், மாதம் ஒரு சதவீதம் என்று. வட்டி மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது உங்கள் தலைப்புக்கு அவர் கொடுத்த விலை.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. அதே 12 லட்சம் சலுகை இந்த 2025-26-ல் அவருக்கு உண்மையாகவே கிடைக்கிறது. அதே விற்பனை, அதே 8.40 லட்சம் லாபம் என்றால் இந்த வருடம் வரி சுழியம். நிலைக்கழிவு மட்டும் கடைக்காரருக்குக் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நீங்கள் அந்தச் செய்தியை 'மாதச் சம்பளக்காரர்களுக்கு ஜாக்பாட்' என்ற கட்டத்துக்குள் போட்டீர்கள். 'சிறு வியாபாரிகளுக்கு' என்ற கட்டத்தில் என்ன போட்டீர்கள் என்று பிறகு வருகிறேன். தனக்குப் பொருந்தாத வருடத்தில் நம்பி, பொருந்துகிற வருடத்தில் 'அது சம்பளக்காரங்களுக்குத்தானே' என்று அவரே என்னிடம் கேட்டார்.

சம்பளக்காரர்களுக்காவது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வருடத்து வரியை நேர் செய்து மிச்சத்தைப் பிடிப்பது பிப்ரவரி சம்பளத்தில்தான் என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது ஒருவர் வீட்டுக்குத் தெரிந்திருக்கும். வருடம் 10,75,000 சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு 2024-25-ல் புதிய முறைப்படி வரி, செஸ் சேர்த்து 52,000. அதில் 30,000 ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். மிச்சம் 22,000-த்தை பிப்ரவரி சம்பளத்தில் கழித்ததும், 'அரசு வேண்டாம் என்று சொன்ன வரியை ஏன் பிடித்தீர்கள்' என்று பள்ளி எழுத்தரிடம் சண்டை. எழுத்தர் என்ன செய்வார் பாவம். இந்த வருடம் அதே சம்பளத்துக்கு அந்த ஆசிரியைக்கு ஒரு பைசா வரி இல்லை. பட்ஜெட்டின் உண்மையான நல்ல செய்தி அதுதான். அதை நீங்கள் ஒரு வருடம் முன்கூட்டியே கொடுத்து, கிடைக்க வேண்டிய நேரத்தில் கசப்பாக்கிவிட்டீர்கள்.

'12 லட்சம் வரை இல்லை' என்றால் 12 லட்சத்துக்கு மேல் வருகிற பணத்துக்கு மட்டும் வரி என்று நினைத்தவர்களும் நிறையப் பேர். வரிப் படிநிலை 4 லட்சத்திலிருந்தே தொடங்குகிறது. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, அதற்கு மேல் 15 என்று ஏறிக்கொண்டே போகிறது. 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அப்படி வரும் 60,000 வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள். தாண்டியவருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. கழிவெல்லாம் போக 14 லட்சம் வருமானம் உள்ளவர் தனக்கு இரண்டு லட்சத்துக்கு மட்டும் 30,000 வரி என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வருவது 90,000, செஸ்ஸோடு 93,600.

அப்புறம் இதற்கு நேர் எதிர்ப் பயம் ஒன்று. 12 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் அறுபதாயிரம் போய்விடும் என்று யாரோ பரப்பியதை உங்களில் சிலர் 'எச்சரிக்கை' என்று வேறு போட்டீர்கள். அப்படிப் போகாது. எல்லையைக் கொஞ்சம் தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி வரக்கூடாது என்று ஓரச் சலுகை இருக்கிறது. கழிவு போக 12,10,000 என்றால் படிநிலைப்படி 61,500 வந்தாலும் கட்ட வேண்டியது 10,000-மும் அதற்கான செஸ் 400-ம்தான். 12.70 லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் முழுப் படிநிலை வரி விழும். இன்க்ரிமென்ட் வேண்டாம் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார் என்றால் நம்புவீர்களா?

பங்குச் சந்தை பற்றியும் சுருக்கமாக ஒன்று. செல்போனில் பங்கு வாங்கி விற்கிற பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீத வரி தனி. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தாலும் அந்த வரிக்குத் தள்ளுபடி கிடையாது. ஒன்பது லட்சம் சம்பளமும் ஒன்றரை லட்சம் பங்கு லாபமும் உள்ள பையன் 31,200 கட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஜூலையில் என்னிடம் எத்தனை பேர் இதற்காகச் சண்டைக்கு வரப்போகிறார்களோ.

சரி, விவசாயிகள் பக்கம் வருவோம். 'விவசாயிகளுக்கு ரூ.5 லட்சம் கடன்' என்று போட்டீர்கள். உரையில் இருந்தது வேறு. கிசான் கிரெடிட் கார்டில் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கு வட்டி மானியம் கிடைக்கிற உச்சவரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவோம் என்பதுதான் அறிவிப்பு. அதாவது கடன் யாருக்கும் புதிதாகக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே தகுதியுள்ள கடனில் 7 சதவீத வட்டியும், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளி 4 சதவீதமும் எவ்வளவு தொகை வரை செல்லும் என்பதுதான் பேச்சு.

ஒரு விவசாயிக்கு எவ்வளவு கடன் என்பதை அட்டையில் அச்சிட்ட உச்சவரம்பு தீர்மானிப்பதில்லை. நிலத்தின் பரப்பும், அந்த மாவட்டத்தில் அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடா வருடம் நிர்ணயிக்கும் தொகையும்தான் தீர்மானிக்கும். நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏக்கருக்கு 1.20 லட்சம். வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கு 10 சதவீதமும், கருவி பராமரிப்புக்கு 20 சதவீதமும் கூட்டினால் 1.56 லட்சம். இவருக்குப் பழைய 3 லட்சமே தொடமுடியாத உயரம். அதை 5 லட்சமாக்கினால் இவருக்கு என்ன வந்தது? அதே கணக்கில் ஆறு ஏக்கரோ அதற்கு மேலோ நெல் வைத்திருப்பவருக்கும், ஏக்கருக்குக் கடன் அளவு அதிகமுள்ள வாழை மாதிரிப் பயிர் போடுகிறவருக்கும்தான் அந்த வரம்பு இடிக்கும். அவர்களுக்கு உண்மையில் நன்மைதான். அதை அப்படியே எழுதியிருக்கலாமே.

எங்கள் ஊரில் மூன்று ஏக்கர்காரர் உங்கள் செய்தியைக் கத்தரித்து, சிட்டா அடங்கலோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். 'சர்க்குலர் வரல' என்று பதில். மறு மாதம் போனார், அதே பதில். செயலாளர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. சங்கத்தில் அவருக்குக் கிடைக்கிற கடன் தமிழ்நாட்டில் 3 லட்சம் வரை, உரிய நேரத்தில் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லாதது. வட்டியை மாநில அரசு ஏற்கிறது. வட்டியில்லாக் கடன் வாங்குகிற மனிதரை, 4 சதவீத வட்டிக் கடனுக்காகச் சண்டை போட வைத்தது உங்கள் சுருக்கம்.

அந்தச் சர்க்குலர் விஷயத்திலும் செயலாளர் சொன்னது உண்மை. 2025 மே மாதக் கடைசியில் மத்திய அமைச்சரவை இந்த வட்டி மானியத் திட்டத்தை 2025-26-க்குத் தொடர ஒப்புதல் கொடுத்தபோது, அரசு வெளியிட்ட குறிப்பில் 3 லட்சம் என்ற பழைய வரம்புதான் இருந்தது. அமைப்பில் மாற்றமில்லை என்றும் சொன்னது. பிப்ரவரியில் முதல் பக்கத்தில் 5 லட்சம் போட்டவர்களில் எத்தனை பேர் மே மாதத்தில் இதைப் போட்டீர்கள்? நான் தேடிப் பார்த்தவரையில் என் கண்ணில் படவில்லை. இதே நேரத்தில் சிறு விவசாயிக்கு நிஜமாகவே உதவிய மாற்றம் ஒன்று பட்ஜெட்டிலேயே இல்லை. அடமானம் இல்லாமல் தரும் விவசாயக் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 1.60 லட்சத்திலிருந்து 2 லட்சமாக 2025 ஜனவரி 1 முதல் உயர்த்தியது. மேலே சொன்ன 1.56 லட்சம் அடுத்த வருடம் 1.60-ஐத் தாண்டும்போது பத்திரம் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். மூன்று ஏக்கர்காரருக்குத் தேவைப்பட்ட செய்தி இது.

உளுந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் நான்கு வருடத்துக்கு மத்திய முகமைகள் எவ்வளவு வந்தாலும் வாங்கும் என்று போட்டீர்கள். அந்த முகமைகளிடம் பதிவு செய்து ஒப்பந்தம் போட்டவர்களிடம் வாங்கும் என்பதுதான் உரையில் உள்ள வாசகம். நெல் தரிசில் உளுந்து போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அந்த 'பதிவு' என்ற ஒரு சொல்லைக் கட்டத்துக்குள் வைக்க இடமில்லாமல் போனது எப்படி?

இப்போது சிறு வியாபாரிகள் கட்டம். 'குறுந்தொழில் வரம்பு ரூ.10 கோடியாக உயர்வு' என்று போட்டிருந்தீர்கள். விற்பனை 5 கோடி வரை குறுநிறுவனம் என்று இருந்ததை 10 கோடியாக்கினார்கள், முதலீட்டு வரம்பை 1 கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாக்கினார்கள். மார்ச்சில் அறிவிக்கை வந்து ஏப்ரல் 1-ல் அமலுக்கும் வந்தது. நல்லதுதான். ஆனால் 1.20 கோடி விற்கிற மளிகைக்காரர் நேற்றும் குறுநிறுவனம், இன்றும் குறுநிறுவனம். அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை என்பதுதான் செய்தி. அதைவிட முக்கியமானதை நீங்கள் எந்த வருடமும் சொல்வதில்லை. மொத்த, சில்லறை வியாபாரிகள் 2021 ஜூலை முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு எடுக்கலாம், ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கியின் முன்னுரிமைக் கடன் மட்டும். 45 நாளில் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பு பொருள் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்கிறவருக்குக் கிடையாது. உத்யம் சான்றிதழைக் காட்டி ஒப்பந்தக்காரரிடம் பாக்கி கேட்டு, அவமானப்பட்டு வந்த ஹார்டுவேர் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு 'ரூ.30,000 கிரெடிட் கார்டு' என்றீர்கள். பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் புதுக் கடன் கொடுக்கும் காலக்கெடு 2024 டிசம்பர் 31-லேயே முடிந்திருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் கார்டு கேட்டு வங்கிக்குப் போன பூக்கார அக்காவுக்குக் கடனும் இல்லை, கார்டும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் அமைச்சரவை அதை 2030 மார்ச் வரை நீட்டித்தது. முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000. இரண்டாவது கடனை அடைத்தவர்களுக்குத்தான் அந்தக் கார்டு. இந்த ஒரே ஒரு நிபந்தனையை அப்போதே கேட்டு எழுதியிருந்தால் அந்த அக்காவுக்கு ஒரு நாள் வியாபாரம் மிச்சமாகியிருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். பட்ஜெட் உரைக்கு இரண்டு பாகம். முதல் பாகத்தில் வருபவை திட்டங்கள், நோக்கங்கள். அவற்றுக்கு அமைச்சரவை ஒப்புதல், வழிகாட்டு நெறிமுறை, வங்கிச் சுற்றறிக்கை எல்லாம் வந்தால்தான் உயிர். இரண்டாம் பாகம் வரி. அதற்கு அன்றைக்கே நிதி மசோதாவும், ஒவ்வொரு பிரிவும் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று விளக்குகிற குறிப்பும் அரசின் பட்ஜெட் இணையதளத்தில் ஏறிவிடுகின்றன. நீங்கள் இரண்டையும் ஒரே குரலில், ஒரே நிறத்தில், 'கிடைச்சாச்சு' என்ற தோரணையில் கொடுக்கிறீர்கள். 2025-ல் எங்கள் மளிகைக்காரரின் அலமாரியையே புரட்டிப்போட்ட ஜிஎஸ்டி குறைப்பு செப்டம்பர் 22-ல் வந்தது. அது ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு, பட்ஜெட் உரையில் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் 'சோப்பு விலை குறையுமா' என்று விவாதம் நடத்துகிறீர்கள்.

அதனால் இந்த பிப்ரவரி 1-க்கு உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒவ்வொரு அறிவிப்பின் பக்கத்திலும் எந்தத் தேதியிலிருந்து என்று போடுங்கள். வரி என்றால் எந்த நிதியாண்டு வருமானத்துக்கு, எந்த வருடம் தாக்கல் செய்வதற்கு என்று இரண்டையும் போடுங்கள். தேதி சொல்லப்படவில்லை என்றால் 'ஆணை வரவில்லை' என்றே அச்சிடுங்கள். அதற்கு இரண்டு சொல் இடம் போதும்.

'சம்பளக்காரர், விவசாயி, வியாபாரி' என்று மூன்று கட்டம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனிதரின் கணக்கையாவது முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். 10.75 லட்சம் சம்பளம், மூன்று ஏக்கர் நெல், 1.20 கோடி விற்பனை என்று எடுத்து, போன வருடம் எவ்வளவு, இனி எவ்வளவு என்று எழுதுங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் 'மாற்றம் இல்லை' என்று போடத் தயங்காதீர்கள். விவசாயிக்கான கட்டத்தில், பிஎம் கிசான் தொகை 6,000-லேயே நிற்கிறதா உயர்ந்ததா என்பதையும் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

முந்தைய பட்ஜெட்டில் நீங்கள் கட்டம் போட்டுச் சொன்ன அறிவிப்புகள் என்ன ஆயின என்று, புதிய உரை படிக்கப்படும் அன்றே, அதே பக்கத்தில் ஒரு பத்தி கொடுங்கள். 5 லட்சம் வட்டி மானியத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடைசியாக, மார்ச் 15-க்கு ஒரு வாரம் முன்னால், முன்வரிக்கு எந்த வருட விகிதம் பொருந்தும் என்று ஒரு சிறு செய்தி போடுங்கள். முதல் பக்கம்கூட வேண்டாம், மளிகைக் கடைக்காரர் பார்க்கிற வணிகப் பக்கத்தில் தங்கம் விலைக்குக் கீழே போட்டால் போதும்.

இப்படிக்கு,
தாலுகா ஊர்க் கணக்கர் ஒருவர்